வீட்டுக்கடன் தவணை கழுத்தை நெரிக்கும்போது காலத்தை நீட்டிப்பதா, பார்ட் பேமென்ட் கட்டுவதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வங்கி ஒன்றின் வீட்டுக்கடன் மேசையில் பல ஆண்டுகள் உட்கார்ந்திருந்தேன். தவணை கட்டத் திணறுகிறவர்கள் கொண்டுவந்த சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றையொன்று ஒத்தவை. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

எல்லாப் பதில்களிலும் ஒரே கடனைக் கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். திருப்பூரில் பின்னலாடை நிறுவனத்தில் மேற்பார்வையாளராக இருக்கும் ஒருவரின் வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். நிலுவை அசல் 25 லட்சம் ரூபாய், மாறும் வட்டி 9 சதவீதம், மீதமிருப்பது 15 ஆண்டுகள், அதாவது 180 தவணைகள். மாதத் தவணை 25,357 ரூபாய். ஓவர்டைம் நின்றுவிட்டதால் மாதம் சுமார் 3,000 ரூபாய் துண்டு விழுகிறது. முடிந்த சீட்டில் வந்த 2 லட்சம் ரூபாய் கையில் இருக்கிறது. இதைத் தவிர வேறு சேமிப்பு இல்லை.

காலத்தை நீட்டிப்பது, பார்ட் பேமென்ட் இரண்டும் என்ன? இரண்டிலும் தவணை குறையும்தானே?

காலத்தை நீட்டிப்பது என்றால் அதே அசலை இன்னும் அதிகமான மாதங்களில் கட்டுவது. கையிலிருந்து பணம் எதுவும் போகாது. மாதத் தவணை குறையும், மொத்த வட்டி கூடும். பார்ட் பேமென்ட் என்றால் தவணைக்கு மேல் ஒரு தொகையை நேராக அசலில் கட்டுவது. அசல் குறைவதால் மொத்த வட்டி குறையும்.

பார்ட் பேமென்ட் கட்டினால் தவணை தானாகக் குறைந்துவிடும் என்று நினைப்பதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். பெரும்பாலான இடங்களில் அப்படி நடப்பதில்லை. இதைக் கீழே நான்காவது கேள்வியில் விரிவாகப் பார்க்கலாம்.

ஐந்து வருடம் நீட்டித்தால் எங்கள் தவணை எவ்வளவு குறையும்?

மேலே சொன்ன கடனை 15 ஆண்டிலிருந்து 20 ஆண்டாக்கினால் தவணை 25,357 ரூபாயிலிருந்து 22,493 ரூபாயாகும். மாதம் 2,864 ரூபாய் மிச்சம். துண்டு விழுந்த 3,000 ரூபாய் கிட்டத்தட்ட அடைபட்டுவிடுகிறது. ஆனால் புதிய காலம் முழுவதும் கட்டி முடித்தால், கட்டும் வட்டி 20.64 லட்சத்திலிருந்து 28.98 லட்சமாக, அதாவது 8.34 லட்சம் ரூபாய் கூடிவிடும்.

உங்கள் கடனுக்கான கணக்கை எக்செல் அல்லது கூகுள் ஷீட்டில் நீங்களே போட்டுப் பார்க்கலாம். வட்டி, மாதங்களின் எண்ணிக்கை, நிலுவை அசல் ஆகிய மூன்றையும் மாற்றினால் போதும்.

```
=PMT(9%/12, 240, -2500000)
```

ஐந்து வருடத்துக்கு மூவாயிரம் குறைகிறது என்றால் பதினைந்து வருடம் நீட்டித்தால் ஒன்பதாயிரம் குறையுமா?

குறையாது. 20 ஆண்டை 25 ஆண்டாக்கினால் தவணை 20,980 ரூபாய் ஆகிறது. அந்த இரண்டாவது ஐந்து ஆண்டு தரும் நிவாரணம் மாதம் 1,513 ரூபாய்தான். 30 ஆண்டாக்கினால் 20,116 ரூபாய். மூன்றாவது ஐந்து ஆண்டில் மாதம் 864 ரூபாய் மட்டுமே குறைகிறது.

காரணம் எளிது. 25 லட்சத்துக்கு 9 சதவீத வட்டி என்றால் முதல் மாத வட்டி மட்டுமே 18,750 ரூபாய். எத்தனை ஆண்டு நீட்டித்தாலும் தவணை அந்தத் தரைக்குக் கீழே போக முடியாது. நீட்டிப்பு குறைப்பது அசலுக்குப் போகும் பங்கை மட்டும்தான். ஆகவே நீட்டிப்பு கேட்கிறவர்கள், வங்கி தர முன்வரும் அதிகபட்சக் காலத்தை வாங்கிக்கொள்ளாமல், துண்டு விழும் தொகை அடைபடும் அளவுக்கு மட்டும் கேட்க வேண்டும். முதல் ஐந்து ஆண்டுக்குப் பிறகு கிடைப்பது சொற்பம், கொடுப்பது அதிகம்.

சார், ரெண்டு லட்சம் கட்டினேன். அடுத்த மாசமும் அதே தவணைதான் பிடித்திருக்கிறார்கள். ஏமாற்றிவிட்டார்களா?

ஏமாற்றவில்லை. நீங்கள் எதையும் எழுதிக் கேட்காவிட்டால், பல வங்கிகளின் கணினி தவணையை அப்படியே வைத்துக்கொண்டு காலத்தைக் குறைத்துவிடும். நம் கணக்கில் 2 லட்சம் கட்டி 25,357 ரூபாய் தவணையைத் தொடர்ந்தால், 180 தவணைகள் 153 ஆகக் குறையும். வட்டியில் ஏறத்தாழ 4.94 லட்சம் மிச்சமாகும். வட்டியை மிச்சப்படுத்த நினைப்பவருக்கு இதுவே சிறந்த ஏற்பாடு. ஆனால் அந்த மிச்சமெல்லாம் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, கடைசித் தவணைகள் இல்லாமல் போகும்போதுதான் கைக்கு வரும். இந்த மாதம் மளிகைக்கு ஒரு ரூபாய்கூட மிஞ்சாது.

தவணை குறைய வேண்டுமானால், ‘காலத்தை மாற்றாமல் தவணையைக் குறைத்துத் தரவும்’ என்று எழுத்தில் கேட்க வேண்டும். அப்போது 180 தவணைகள் அப்படியே நிற்க, தவணை 23,328 ரூபாயாகும். மாதம் 2,029 ரூபாய் குறையும். வட்டி மிச்சம் 1.65 லட்சம்தான். ஒரே 2 லட்சம், இரண்டு விதமான பலன். பணம் கட்டும் முன் இதை முடிவு செய்யாதவர்கள்தான் பிறகு கிளையில் வந்து நின்று வருந்தினார்கள்.

அப்படியானால் எங்கள் நிலைமைக்கு எதைச் செய்வது? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

அந்த 2 லட்சத்தை இப்போது கட்டாதீர்கள். கட்டித் தவணையைக் குறைத்தாலும் 2,029 ரூபாய்தான் குறைகிறது. மாதம் சுமார் 970 ரூபாய் இன்னும் துண்டு விழும், கையிருப்பும் தீர்ந்துவிடும். அடுத்து ஒரு மருத்துவச் செலவோ வேலை இழப்போ வந்தால், வங்கியில் கட்டிய அந்தப் பணத்தைத் திரும்பக் கேட்க முடியாது. அதே 2 லட்சம் கையில் இருந்தால் ஏறத்தாழ எட்டு மாதத் தவணைக்கு அது காவல்.

துண்டு விழுவது எத்தனை காலம் என்பதைப் பொறுத்து அடுத்த அடியை வையுங்கள். ஓவர்டைம் ஓராண்டு, ஒன்றரை ஆண்டில் திரும்பிவிடும் என்று நியாயமாக எதிர்பார்க்கலாம் என்றால் வங்கிக்கே போக வேண்டாம். 2 லட்சத்தை வைப்புநிதியாகப் போட்டு, மாதம் 3,000 ரூபாயை அதிலிருந்து எடுத்துத் தவணையில் சேர்த்துக் கட்டலாம். இரண்டு ஆண்டு போனாலும் செலவாவது 72,000 ரூபாய்தான். கடனுக்கு 9 சதவீதம் கொடுத்துக்கொண்டு வைப்புநிதியில் குறைவாக வாங்குகிறோமே என்ற உறுத்தல் இருக்கும். வைப்புநிதிக்கு 6.5 சதவீதம் கிடைத்தால் முழு 2 லட்சத்துக்கும் அந்த வித்தியாசம் ஆண்டுக்கு 5,000 ரூபாய். எட்டு மாதப் பாதுகாப்புக்கு அதை நான் அதிக விலையாகக் கருதவில்லை.

வருமானம் நிரந்தரமாகவே குறைந்துவிட்டது என்றால் ஐந்து ஆண்டு நீட்டித்துக்கொண்டு 2 லட்சத்தைக் கையில் வையுங்கள். தவணை கட்டுவதில் சிரமமே இல்லாமல் பணம் உபரியாக இருப்பவருக்குத்தான் பார்ட் பேமென்ட் முதல் தேர்வு.

நீட்டித்தால் எட்டு லட்சம் நஷ்டம், முட்டாள்தனம் என்று என் மைத்துனர் சொல்கிறார். சரிதானா?

இருபது ஆண்டும் குறைந்த தவணையையே கட்டி முடித்தால் அவர் சொல்வது சரி. ஆனால் நீட்டித்த முடிவை மாற்றிக்கொள்ளலாம் என்பதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

இரண்டு ஆண்டுகள் 22,493 ரூபாய் கட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த 24 மாதங்களில் உங்கள் கையில் தங்கியது மொத்தம் 68,700 ரூபாய். இரண்டாம் ஆண்டு முடிவில் நிலுவை 24.02 லட்சம் இருக்கும். நீட்டிக்காமல் கட்டியிருந்தால் 23.27 லட்சம் இருந்திருக்கும். வித்தியாசம் 75,000 ரூபாய். வருமானம் சீரானதும் அந்த 75,000 ரூபாயைப் பார்ட் பேமென்டாகக் கட்டிவிட்டுப் பழைய 25,357 ரூபாய் தவணைக்குத் திரும்பினால், கடன் பழைய தேதியிலேயே முடியும். அப்படிச் செய்தால் இரண்டு ஆண்டு நிவாரணத்துக்கு நீங்கள் கொடுத்த விலை எட்டு லட்சமல்ல, ஏறத்தாழ 6,300 ரூபாய்.

75,000 ரூபாய் சேர்க்க முடியாமல் தவணையை மட்டும் பழையபடி உயர்த்தினால், கடன் சுமார் பத்து மாதம் தாமதமாக முடியும். கூடுதல் வட்டி ஏறத்தாழ 1.8 லட்சம். ஆக நீட்டிப்பில் உள்ள அபாயம் மறதிதான். குறைந்த தவணை பழகிவிடும், சம்பளம் உயர்ந்த பிறகும் அதுவே ஓடும். நீட்டிப்பு வாங்கும் அன்றைக்கே, எந்த மாதம் மறுபடி கிளைக்குப் போக வேண்டும் என்று காலண்டரில் குறித்துவைக்கச் சொல்வேன்.

நகையை அடகு வைத்துப் பார்ட் பேமென்ட் கட்டலாமா? நகைக்கடனில் வட்டி மட்டும் கட்டினால் போதும் என்கிறார்களே.

கூடாது. 2 லட்சம் நகைக்கடனுக்கு 10 சதவீத வட்டி என்றால் மாதம் 1,667 ரூபாய். அதைக் கட்டி வீட்டுக்கடன் தவணையில் 2,029 ரூபாய் குறைத்தால், மாதம் 362 ரூபாய்தான் மிஞ்சும். கடைசியில் மொத்தமாகத் திருப்பும் வகை நகைக்கடன் பன்னிரண்டு மாதத்துக்குள் முடிக்க வேண்டியது. ஆண்டு முடிவில் 2 லட்சம் அசல் வாசலில் வந்து நிற்கும். திருப்ப முடியாவிட்டால் நகை ஏலத்துக்குப் போகும். பதினைந்து ஆண்டில் மெதுவாகக் கட்டலாம் என்றிருந்த கடனை ஓராண்டுக் கடனாக நீங்களே மாற்றிக்கொள்வதாகிறது.

தனிநபர் கடன் வாங்கியோ, சீட்டைத் தள்ளி எடுத்தோ கட்டுவதற்கும் இதே பதில்தான். வீட்டுக்கடன்தான் பெரும்பாலான குடும்பங்களுக்குக் கிடைக்கும் மிகக் குறைந்த வட்டிக் கடன். அதை அடைக்க அதைவிடக் கூடுதல் வட்டிக்கு வாங்குவது எந்த நிலையிலும் பொருந்தாது.

காலத்தையும் நீட்டாமல், பணமும் கட்டாமல் தவணையைக் குறைக்க வழியே இல்லையா?

முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான், ஆனால் கடைசியாகத்தான் கேட்கிறார்கள். உங்கள் வட்டி விகிதம் இன்றைய நிலவரத்துக்கு ஏற்ப இருக்கிறதா என்று பாருங்கள். நம் கணக்கில் 9 சதவீதம் 8 ஆகக் குறைந்தால், அதே 180 தவணைகளில் தவணை 23,891 ரூபாயாகும். மாதம் 1,466 ரூபாய் மிச்சம், கூடுதல் வட்டி கிடையாது.

2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் புதிதாகத் தரும் மாறும் வட்டி வீட்டுக்கடன்களை, ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டியான ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு இணைக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதற்கு முன் வாங்கிய கடன் இன்னும், வங்கி தன் செலவை வைத்துத் தானே நிர்ணயிக்கும் எம்சிஎல்ஆர் அல்லது அடிப்படை வட்டி முறையில் இருக்கலாம். 2025-இல் ரெப்போ விகிதம் 6.5 சதவீதத்திலிருந்து படிப்படியாக 5.25 ஆக இறங்கியபோது, அந்தப் பழைய முறைக் கடன்களுக்குக் குறைப்பு மெதுவாகவே வந்து சேர்ந்தது. புதிய முறைக்கு மாற்றித் தரும்படி மனுக் கொடுக்கலாம்; ஒரு முறை மாற்றக் கட்டணம் இருக்கக்கூடும். வீட்டுவசதி நிதி நிறுவனங்களில் வாங்கிய கடன் அந்நிறுவனத்தின் சொந்த அடிப்படை விகிதத்தோடு இணைந்திருக்கும். ரெப்போ இறங்கினால் தானாக இறங்காது. அங்கே விகிதக் குறைப்பை நேரில் கேட்டுத்தான் பெற வேண்டும்.

வட்டி குறைந்தாலும், நான்காவது கேள்வியில் சொன்ன அதே பழக்கத்தால், பல இடங்களில் காலம்தான் குறையும், தவணை குறையாது. ஆகவே வட்டிக் குறைப்பையும் தவணையில் காட்டும்படி எழுதிக் கேளுங்கள்.

நான் எதுவுமே கேட்கவில்லை. ஸ்டேட்மென்ட் எடுத்துப் பார்த்தால் மீதத் தவணை கூடியிருக்கிறது. எப்படி?

வட்டி உயர்ந்தபோது வங்கி தவணையை உயர்த்தாமல் காலத்தை நீட்டியிருக்கும். 2022 மே மாதத்தில் 4 சதவீதமாக இருந்த ரெப்போ விகிதம் 2023 பிப்ரவரிக்குள் 6.5 ஆனது. 7 சதவீத வட்டியில் 25 லட்சம் நிலுவைக்கு 20 ஆண்டுக் கணக்கில் 19,382 ரூபாய் தவணை கட்டியவரின் வட்டி 9 சதவீதமானால், அதே தவணையில் கடன் முடிய 38 ஆண்டுக்கு மேல் ஆகும். 9.5 சதவீதமானால் மாத வட்டியே 19,792 ரூபாய். தவணை வட்டிக்கே போதாது, அசல் வளர ஆரம்பித்துவிடும்.

இதனால்தான் 2023 ஆகஸ்ட் 18 அன்று ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. வட்டி மறுநிர்ணயத்தின்போது தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் கலப்பதா என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பைக் கடனாளிக்குத் தர வேண்டும். கடனின் எந்தக் கட்டத்திலும் பகுதியாகவோ முழுமையாகவோ முன்கூட்டிக் கட்ட விட வேண்டும். நீட்டிப்பினால் அசல் வளரும் நிலை வரக்கூடாது. இதுவரை கட்டிய அசல், வட்டி, தற்போதைய தவணை, மீதத் தவணைகளின் எண்ணிக்கை, வட்டி விகிதம் ஆகியவற்றைக் காட்டும் அறிக்கையை ஒவ்வொரு காலாண்டிலும் தர வேண்டும். அந்த அறிக்கையில் மீதத் தவணைகளின் எண்ணிக்கையை முதலில் பாருங்கள். ஏற்கெனவே காலம் நீண்டுபோன கடனில், இன்னும் நீட்டுவது மூன்றாவது கேள்வியில் சொன்ன ‘சொற்ப நிவாரண’ப் பகுதிக்குள் போய்விடும்.

பார்ட் பேமென்டுக்குக் கட்டணம் பிடிப்பார்களா?

தனிநபர் வாங்கிய மாறும் வட்டி வீட்டுக்கடனுக்குப் பிடிக்கக்கூடாது. நிலையான வட்டிக் கடனாக இருந்தால் ஒப்பந்தத்தைப் பாருங்கள். கட்டணமும் அதன்மேல் ஜிஎஸ்டியும் இருக்கலாம். 2026 ஜனவரி 1 முதல் ஒப்புதலாகும் அல்லது புதுப்பிக்கப்படும் கடன்களுக்கு, தொழில் அல்லாத தேவைக்குத் தனிநபர் வாங்கும் மாறும் வட்டிக் கடன்களில் முன்செலுத்தல் கட்டணம் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் 2025 நெறிமுறைகளிலும் உறுதியாக்கப்பட்டிருக்கிறது.

நீட்டிப்பு கேட்டால் சிபிலில் கறுப்புப் புள்ளி விழுமா?

எந்த வழியாக நீட்டிப்பு கிடைக்கிறது என்பதைப் பொறுத்தது. வட்டி மறுநிர்ணயத்தின்போது ஒழுங்காகக் கட்டிவருகிற கடனாளி தன் தேர்வாகக் காலத்தை மாற்றிக்கொள்வது ஒன்று. கடனாளி நிதி நெருக்கடியில் இருப்பதால் வங்கி சலுகையாக நீட்டித்துத் தருவது வேறு. இரண்டாவதற்கு ‘மறுசீரமைப்பு’ என்று பெயர். மறுசீரமைத்த கடனைப் பொதுவாக வாராக்கடன் வகைக்கு இறக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கடன் தகவல் நிறுவனங்களிடமும் அது மறுசீரமைத்த கடன் என்றே பதிவாகும். அதன்பின் வேறு வங்கிக்குக் கடனை மாற்றுவதும், புதுக் கடன் வாங்குவதும் சில ஆண்டுகளுக்குக் கடினமாகும்.

ஆகவே மனுவைக் கொடுக்கும்போதே, ‘இது வட்டி மறுநிர்ணயத்தில் எனக்குள்ள தேர்வா, மறுசீரமைப்பாகப் பதிவாகுமா?’ என்று அதிகாரியிடம் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். நிலைமையை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் எந்தப் பெயரில் பதிவாகிறது என்று தெரியாமல் கையெழுத்துப் போடக்கூடாது. தவணை தவறும் முன் போகிறவருக்கு முதல் வழி திறந்திருக்க வாய்ப்பு அதிகம். தவறிய பிறகு போகிறவருக்குப் பெரும்பாலும் இரண்டாவதுதான் மிஞ்சும்.

ஏற்கெனவே இரண்டு தவணை நின்றுவிட்டது. இப்போது கையில் இருக்கிற பணத்தை அசலில் கட்டவா?

அசலில் அல்ல, நின்ற தவணையில் கட்டுங்கள். நம் கணக்கில் அது 50,714 ரூபாய், அதோடு அபராதக் கட்டணம். பாக்கி 90 நாளைத் தாண்டினால் கணக்கு வாராக்கடனாகும். அதன்பின், நீதிமன்ற வழக்கில்லாமல் அடமானச் சொத்தை வங்கி கைப்பற்ற வழிசெய்யும் சர்பாசி சட்டத்தின்படி 60 நாள் அவகாச நோட்டீஸ் வரலாம். ஒருமுறை வாராக்கடனாகிவிட்டால், ஒரு தவணை கட்டிச் சமாளிக்க முடியாது. நின்ற பாக்கி முழுவதையும் கட்டினால்தான் கணக்கு மறுபடி ஒழுங்கான கணக்காகும். கணக்கை ஒழுங்குக்குக் கொண்டுவந்துவிட்டு, அந்த வாரமே நீட்டிப்பு பற்றிப் பேசுங்கள்.

அபராதத்தை அசலோடு சேர்த்து அதற்கும் வட்டி போட்டிருக்கிறார்களா என்று ஸ்டேட்மென்டில் பாருங்கள். 2024 ஏப்ரல் முதல் அமலான விதிப்படி அபராதம் தனிக் கட்டணமாகத்தான் இருக்க வேண்டும், அது வட்டி குட்டி போடக்கூடாது.

எனக்கு வயது 54. எனக்கும் ஐந்து வருடம் நீட்டித்துத் தருவார்களா?

பெரும்பாலும் தரமாட்டார்கள். சம்பளக்காரர்களுக்கு ஓய்வு வயதையோ, வங்கி வைத்திருக்கும் ஓர் உச்ச வயதையோ தாண்டிக் காலம் போகாது. சம்பாதிக்கும் மகனையோ மகளையோ இணைக் கடனாளியாகச் சேர்த்தால் பரிசீலிப்பார்கள். ஆனால் அந்தப் பிள்ளை நாளைக்கு வாங்கப்போகும் கடன் தகுதியை இது குறைக்கும் என்பதைச் சொல்லிவிட்டுச் சேருங்கள். 54 வயதில் 15 ஆண்டு பாக்கி இருப்பவருக்கு, பணிக்கொடையும் சேமநிதியும் வரும்போது எவ்வளவு அசலை அடைப்பது என்ற திட்டம்தான் நீட்டிப்பைவிட முக்கியம். கடனோடு எடுத்த ஆயுள் காப்பீடு பழைய காலத்துக்கு மட்டும்தான் இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

கொஞ்சம் கட்டி, கொஞ்சம் நீட்டித்துக்கொள்ளலாமா? இரண்டையும் சேர்த்துச் செய்ய வங்கி ஒப்புமா?

பல வங்கிகள் ஒப்பும். வருமானக் குறைவு நிரந்தரமானாலும் வேலை உறுதியாக உள்ளவர்களுக்கு நான் விரும்பிச் சொன்ன வழியும் இதுதான். 2 லட்சத்தில் 1 லட்சத்தைக் கட்டி, அசலை 24 லட்சமாக்கி, காலத்தை மூன்று ஆண்டு மட்டும் நீட்டி 18 ஆண்டாக்கினால் தவணை 22,475 ரூபாய். ஐந்து ஆண்டு நீட்டித்தால் வரும் 22,493 ரூபாய்க்கு இது சமம். ஆனால் காலம் இரண்டு ஆண்டு குறைவு. கட்டிய 1 லட்சத்தையும் சேர்த்து, கட்டும் மொத்தத் தொகை ஏறத்தாழ 4.4 லட்சம் குறைவு. நான்கு மாதத் தவணைக்கு ஈடான 1 லட்சம் கையிலும் இருக்கும். குறை என்னவென்றால் எட்டு மாதக் காவல் நான்கு மாதமாகிறது. தனியார் நிறுவனத்தில் வேலை உறுதியில்லாதவர் ஐந்தாவது கேள்வியில் சொன்னபடி முழுப் பணத்தையும் கையில் வைப்பதே மேல்.

மனுவில் என்ன எழுத வேண்டும்? கொடுத்த பிறகு எதைப் பார்க்க வேண்டும்?

நான்கு வரி போதும். கடன் கணக்கு எண்ணை எழுதி, இப்படிக் கேளுங்கள்: ‘இன்று நான் செலுத்தும் 1,00,000 ரூபாயை அசலில் வரவு வைக்கவும். மீதக் காலத்தை 216 மாதங்களாக மாற்றி, தவணையை அதற்கேற்பக் குறைத்து, புதிய தவணை அட்டவணையைத் தரவும்.’ நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். செயலி வழியே பணம் அனுப்புகிறவர்களும் இந்த மனுவைத் தனியாக மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும்.

அடுத்த வாரம் ஸ்டேட்மென்ட் எடுத்து, கட்டிய தேதியிலேயே நிலுவை அசல் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பெண்மணி பிள்ளையின் கல்லூரிக்கென்று வைத்திருந்த 1.5 லட்சத்தைக் கட்டியிருந்தார். அந்தத் தொகை அசலில் சேராமல், வரப்போகும் தவணைகளுக்கான முன்பணமாக ஏழு மாதம் கிடந்தது. அத்தனை நாளும் முழு அசலுக்கும் வட்டி ஓடியது. அவர் ஸ்டேட்மென்டை ஒவ்வொரு வரியாக விரலால் தொட்டுக்கொண்டே வந்து, ‘இந்த வரியில் என் பணம் குறையவே இல்லையே’ என்று காட்டியபோதுதான் தவறு தெரிந்தது. பின்தேதியிட்டுச் சரிசெய்து, வட்டியைத் திருப்பி வரவு வைத்தோம். முத்திரையிட்ட மனு நகல் அவரிடம் இருந்ததால்தான் அது இயன்றது.

கடைசியாக, தவணை பிடிப்பதற்கு நீங்கள் கொடுத்த ஆணையின் முடிவுத் தேதியைப் பாருங்கள். அது பழைய கடன் காலத்தோடு முடிவதாக இருந்தால், நீட்டித்த மாதங்களுக்குப் புதிய ஆணை தேவை. மனுக் கொடுத்து 30 நாளில் வங்கி பதில் தராவிட்டாலும், தந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலும், cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிப் புகார் செய்யலாம். அங்கேயும் முதலில் கேட்பது அந்த மனு நகலைத்தான்.